10 டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களுக்கு விலைப்புள்ளி கேட்டு

அனுப்புநர்:
லெ. மீனாட்சி,
டியூஷன் சென்டர் உரிமையாளர்,
செக்காலை, காரைக்குடி.

பெறுநர்:
விற்பனை மேலாளர்,
கம்ப்யூட்டர் விற்பனையகம்,
மதுரை.

நாள்: 6-4-2026

ஐயா, வணக்கம்.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கான கம்ப்யூட்டர் வகுப்புக்குப் புதிதாக அசெம்பிள் செய்த 10 டெஸ்க்டாப்கள் தேவை. சி++, பைத்தான், மைஎஸ்க்யூஎல், தமிழ்99 தட்டச்சு ஆகியவைதான் வேலை. கேம், வீடியோ எடிட்டிங் கிடையாது. அதனால் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். பத்தும் ஒரே பாகங்களோடு இருக்க வேண்டும். ஒன்று பழுதானால் இன்னொன்றின் பாகத்தை மாற்றிப் போட்டுப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்க அதுதான் வழி.

ப்ராசசர்: இன்டெல் கோர் ஐ3-12100, பெட்டியோடும் கூலரோடும். பின்னால் 'எஃப்' எழுத்து உள்ள 12100எஃப் வேண்டாம். விலை குறைவுதான், ஆனால் உள்ளே கிராபிக்ஸ் இல்லாததால் தனி கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. ட்ரே ப்ராசசராக இருந்தால் அப்படியே எழுதிக் காட்டுங்கள்.

மதர்போர்டு: எச்610, டிடிஆர்4 வகை, இரண்டு ராம் ஸ்லாட், ஒரு எம்.2 என்விஎம்இ ஸ்லாட், கிகாபிட் லேன், எச்டிஎம்ஐ. இதே சிப்செட்டில் டிடிஆர்5 போர்டும் வருகிறது. ராமும் போர்டும் பொருந்துகிறதா என்று பார்த்துக் குறிப்பிடவும். 'எச்61' என்பது பல தலைமுறை பழைய போர்டு. பெயர் ஒன்று போலத் தெரிவதால் மாடல் எண்ணை முழுதாக எழுதுங்கள்.

ராம்: 8 ஜிபி டிடிஆர்4 3200, ஒரே குச்சியாக. 4 ஜிபி இரண்டு போட்டால் இரண்டு ஸ்லாட்டும் நிரம்பி, பின்னால் கூட்ட இடமிருக்காது.

எஸ்எஸ்டி: 256 ஜிபி, எம்.2 என்விஎம்இ. எம்.2 வடிவத்திலேயே சாட்டா எஸ்எஸ்டியும் விற்கிறது; அது வேண்டாம். பிராண்டும் மாடலும் விலைப்புள்ளியில் இருக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்: இதில்தான் பலர் விலையைக் குறைக்கிறார்கள். கேபினெட்டோடு வரும், '450 வாட்' என்று ஒட்டிய எடையில்லாத பெட்டி எங்களுக்கு ஒத்துவராது. காரைக்குடியில் கோடையில் மின்னழுத்தம் இறங்கி ஏறும். மலிவான எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்துக் கொண்டுபோகும். 80 பிளஸ் ப்ரோன்ஸ் சான்றுள்ள 400 அல்லது 450 வாட், பிஐஎஸ் பதிவு எண்ணோடு. கூடுதலாக ஒன்று உதிரியாகவும் வேண்டும்.

கேபினெட்டில் பின்புறம் ஒரு 120 மிமீ விசிறி கட்டாயம். மானிட்டர் 21.5 அங்குல முழு எச்டி. கீபோர்டு, மவுஸ் யுஎஸ்பி கம்பி வகை, தலா 12 (இரண்டு உதிரி).

யுபிஎஸ் 600 விஏ, 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியோடு, 10. ஒரே பெரிய யுபிஎஸ் போட்டால் அது நின்ற அன்று மொத்த வகுப்பும் நின்றுவிடும் என்பதால் தனித்தனியாகக் கேட்கிறேன்.

நெட்வொர்க்: வகுப்பு நடப்பது பழைய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டில். சுவர் கனமான சுண்ணாம்புச் சுவர், வைஃபை தாண்டாது. வீட்டுக்காரர் சுவரில் துளை போடவும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தொடவும் சம்மதிக்கவில்லை. ஆகவே மர மேசைகளின் பின்பக்கமாக கேசிங் ஓட்ட வேண்டும். 16 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று, கேட்6 கேபிள் சுமார் 160 மீட்டர். 305 மீட்டர் பெட்டி முழுதும் தேவையில்லை. மீட்டர் கணக்கில் விலை சொல்லுங்கள். கேபிள் சுத்தத் தாமிரமாக இருக்கட்டும், தாமிரம் பூசிய அலுமினியம் வேண்டாம். ஆள்கூலி தனியாக.

விண்டோஸ் 11 அசல் லைசென்ஸோடு ஒரு விலை, லைசென்ஸ் இல்லாமல் உபுண்டு 24.04 எல்டிஎஸ் ஏற்றி ஒரு விலை, இரண்டும் வேண்டும். கிராக் செய்த விண்டோஸ் ஏற்ற வேண்டாம்.

விலையைப் பாகம் பாகமாக எழுதி, ஜிஎஸ்டியைத் தனியாகவும் மொத்தத்தையும் காட்டுங்கள். எனக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, கட்டும் வரி திரும்பக் கிடைக்காது. ஆகவே கடைசித் தொகையை வைத்தே முடிவு செய்வேன். மதுரையிலிருந்து வண்டிச் செலவு, பொருத்துகூலி உட்படவா என்பதையும் எழுதவும். ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி எத்தனை ஆண்டு, பழுதானால் ஆள் வருவாரா, நாங்கள் அனுப்ப வேண்டுமா, அந்தச் செலவு யாருடையது என்பதும் தெளிவாக இருக்கட்டும்.

சரக்கை இறக்கும்போது ஒரு கேபினெட்டைத் திறந்து பார்ப்போம். விண்டோஸ் என்றால் பத்திலும் இதை ஓட்டி எஸ்எஸ்டி சரிபார்க்கப்படும். BusType என்பதன் கீழ் NVMe என்று வர வேண்டும்:

```
Get-PhysicalDisk | Select FriendlyName, BusType, Size
```

வரிசை எண்கள் பில்லில் அச்சாகியிருக்க வேண்டும். இங்குள்ள எர்த்-நியூட்ரல் மின்னழுத்தத்தைப் பொருத்த வருபவர் அளந்து, 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் இயந்திரங்களை இயக்கும் முன் சொல்லிவிடட்டும். எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்துவிடுகிறேன்.

ஆர்டரோடு 30 சதவீதம் முன்பணம், பத்தும் ஓடிய பிறகு 60, பதினைந்து நாள் கழித்து 10. ராம், எஸ்எஸ்டி விலை அடிக்கடி மாறுவதால் உங்கள் விலை எத்தனை நாள் செல்லும் என்று குறிப்பிடுங்கள். 15 நாளாவது வேண்டும். ஏதாவது பாகம் கையிருப்பில் இல்லையென்றால் மாற்றாக எது என்று முதலிலேயே எழுதுங்கள், சொல்லாமல் மாற்றி அனுப்ப வேண்டாம்.

விலைப்புள்ளி ஏப்ரல் 20-க்குள் கிடைக்க வேண்டும். மே 20-க்குள் பொருத்தி முடித்தால்தான் ஜூனில் வகுப்பு தொடங்க முடியும்.

இப்படிக்கு,
லெ. மீனாட்சி