ஒன்றுக்கு எவ்வளவு? பேருந்துக் கட்டணமும் கடை விலையும் கொண்ட ஓரலகு வீதக் கணக்குகள்

(ஏழாம் வகுப்புக்கான பயிற்சித்தாள், இரண்டு பாடவேளைகளுக்குரியது)

ஆசிரியருக்கு

விகிதமும் ஓரலகு முறையும் ஆறாம் வகுப்பிலேயே அறிமுகமாகிவிடுகின்றன. ஆனால் "5 பேனாவின் விலை 40 ரூபாய் எனில் 8 பேனாவின் விலை என்ன?" என்ற வகைக் கணக்கில், பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தாலே ஒன்றின் விலை கிடைத்துவிடுவதால், எதை எதனால் வகுக்கிறோம் என்று மாணவர் யோசிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. இத்தாளின் கணக்குகள் அந்தத் தேவையை உண்டாக்குவதற்காகவே அமைக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் வகுப்பதற்கு முன்பு "எதில் ஒன்றுக்கு?" என்று மாணவர் தீர்மானிக்க வேண்டும், கிலோமீட்டருக்கா, ஆளுக்கா, பழத்துக்கா, கிராமுக்கா என்பதைப் பொறுத்து விடை மாறும், சில இடங்களில் தலைகீழாகவும் ஆகும்.

ஊர்களுக்கு இடையிலான தொலைவுகள் கணக்குக்கு வசதியாக முழுமையாக்கப்பட்டவை. கட்டணங்களும் விலைகளும் கணக்குக்காக வைத்துக்கொண்டவையே. அன்றைய உண்மைக் கட்டணத்தை மாணவர்கள் பயணச்சீட்டில் பார்த்து வந்து சொன்னால், அதையே வைத்துக் கணக்கை மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

மூன்றாம் கணக்கு முதலில் வேறு விதமாக இருந்தது. அப்பா, அம்மா, மகள் மூவருக்கும் நகரப் பேருந்தில் பயணச்சீட்டு எடுப்பதாக எழுதியிருந்தேன். கரும்பலகையில் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, "சார், எங்கம்மைக்கு டவுண் பஸ்ல டிக்கெட்டு கெடையாதே" என்றாள். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதை மறந்து கணக்கு எழுதியது என் பிழை. அதைத் திருத்தியபோது கிடைத்த கணக்கு பழையதைவிட நன்றாகவே அமைந்துவிட்டது.

மாணவருக்கு: ஓர் எடுத்துக்காட்டு

தோவாளைச் சந்தையிலிருந்து வந்த பிச்சிப்பூவை ஒரு கடையில் 250 கிராம் 80 ரூபாய்க்கு விற்கிறார்கள். இதிலிருந்து இரண்டு வீதங்களைக் கண்டறியலாம்.

80 ÷ 250 = 0.32. அதாவது ஒரு கிராம் பூவின் விலை 32 பைசா. எனவே ஒரு கிலோவின் விலை 320 ரூபாய்.

250 ÷ 80 = 3.125. அதாவது ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் பூ 3.125 கிராம்.

இரண்டும் சரியானவையே. முதல் வீதம் குறைவாக இருந்தால் வாங்குபவருக்கு லாபம். இரண்டாவது வீதம் அதிகமாக இருந்தால்தான் லாபம். ஆகவே ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் "ஒரு கிலோமீட்டருக்கு", "ஒரு ரூபாய்க்கு" என்று அலகைக் கட்டாயம் எழுதுக. அலகு இல்லாத விடைக்குப் பாதி மதிப்பெண்ணே கிடைக்கும்.

பகுதி அ: பேருந்தில்

1. நாகர்கோவிலிலிருந்து நான்கு ஊர்களுக்கான தொலைவும் சாதாரணப் பேருந்துக் கட்டணமும் பின்வருமாறு உள்ளன: சுசீந்திரம் 6 கி.மீ., ரூ.6, தக்கலை 16 கி.மீ., ரூ.14, கன்னியாகுமரி 20 கி.மீ., ரூ.17, மார்த்தாண்டம் 30 கி.மீ., ரூ.24.
(அ) ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கிலோமீட்டருக்கான கட்டணத்தைக் காண்க.
(ஆ) மார்த்தாண்டம் செல்பவர் கொடுக்கும் அதே வீதத்தில் சுசீந்திரத்துக்குக் கட்டணம் வாங்கினால் எவ்வளவு ஆகும்?
(இ) குறைந்த தொலைவு செல்பவருக்கு ஒரு கிலோமீட்டரின் கட்டணம் ஏன் கூடுதலாக இருக்கிறது? உங்கள் சொற்களில் இரண்டு வாக்கியங்கள் எழுதுக.

2. ஒருவர் நாகர்கோவிலிலிருந்து தக்கலையில் இறங்கி, பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு, வேறொரு பேருந்தில் தக்கலையிலிருந்து 14 கி.மீ. தொலைவில் உள்ள மார்த்தாண்டத்துக்குச் செல்கிறார். இரண்டாவது பயணச்சீட்டு ரூ.13. நேராகச் சென்றிருந்தால் ஆகும் செலவைவிட எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தார்? பயணம் முழுவதற்கும் சேர்த்து ஒரு கிலோமீட்டருக்கு அவர் கொடுத்தது எவ்வளவு?

3. அப்பா, அம்மா, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆகிய மூவரும் 16 கி.மீ. செல்ல வேண்டும். சாதாரண நகரப் பேருந்தில் சென்றால் அப்பாவுக்கு மட்டும் ரூ.14 கட்டணம், மற்ற இருவருக்கும் கட்டணமில்லை. வேறொரு பேருந்தில் மூவருக்கும் தலா ரூ.18. ஒருவர் ஒரு கிலோமீட்டர் செல்வதை ஓர் "ஆள்-கிலோமீட்டர்" என்று கொள்வோம். இக்குடும்பம் மொத்தம் எத்தனை ஆள்-கிலோமீட்டர் செல்கிறது? இரண்டு பேருந்துகளிலும் ஓர் ஆள்-கிலோமீட்டருக்கு ஆகும் செலவைக் காண்க.

4. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்துக்குச் சாதாரணப் பேருந்து 75 நிமிடத்தில் செல்கிறது, கட்டணம் ரூ.24. விரைவுப் பேருந்து 50 நிமிடத்தில் செல்கிறது, கட்டணம் ரூ.32. விரைவுப் பேருந்தில் செல்பவர் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் எவ்வளவு கொடுக்கிறார்?

பகுதி ஆ: கடையில்

5. கன்னியாகுமரி மட்டிப்பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. தெருமுனைக் கடையில் 12 மட்டிப்பழம் 42 ரூபாய். சந்தைக் கடையில் ஒரு கிலோ 64 ரூபாய். அங்கு ஒரு கிலோவுக்கு 16 பழம் நிற்கிறது.
(அ) ஒரு பழத்தின் விலை எந்தக் கடையில் குறைவு?
(ஆ) தெருமுனைக் கடையின் பழம் ஒவ்வொன்றும் 50 கிராம். இப்போது ஒரு கிலோவின் விலை எந்தக் கடையில் குறைவு?
(இ) இரண்டு விடைகளும் முரண்படுவது ஏன்? குழந்தைகள் 16 பேருக்கு ஆளுக்கொரு பழம் கொடுக்க வேண்டுமானால் எந்தக் கடைக்குச் செல்வீர்கள்? பழப் பஞ்சாமிர்தம் செய்ய வேண்டுமானால்?

6. கடையில் தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர் புட்டி 273 ரூபாய். செக்கில் ஒரு கிலோ 290 ரூபாய். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயின் எடை 910 கிராம் என்று கொண்டு, எது மலிவு என்று கூறுக.

7. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் எடை 80 கிராமிலிருந்து 70 கிராமாகக் குறைந்தது, விலை மாறவில்லை. 100 கிராமின் விலை முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு? விலை எத்தனை விழுக்காடு ஏறியிருக்கிறது?

8. கடற்கரையில் சாளை மீன் ஒரு கூறு 100 ரூபாய். மீன் கடையில் ஒரு கிலோ 150 ரூபாய். எது மலிவு? விடை சொல்ல இயலாவிட்டால், என்ன தெரிந்தால் சொல்ல முடியும் என்று எழுதுக. கூறு எத்தனை கிராமுக்கு மேல் இருந்தால் அதை வாங்குவது லாபம்?

9. அரிசி 25 கிலோ மூட்டை 1,300 ரூபாய். சில்லறையில் ஒரு கிலோ 54 ரூபாய். மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவர ஆட்டோவுக்கு 60 ரூபாய் ஆகும். சில்லறையில் வாங்கினால் ஆட்டோ தேவையில்லை. ஒரு மூட்டை வாங்குவது லாபமா? அதே ஆட்டோவில் இரண்டு மூட்டை வந்தால்?

பகுதி இ: பேருந்தும் கடையும்

10. ஊர்க் கடையில் தேங்காய் ஒன்று 34 ரூபாய். வடசேரிச் சந்தையில் 28 ரூபாய். சந்தைக்குப் போய்வரத் தாத்தாவுக்கு ஒரு வழிக்கு 9 ரூபாய் கட்டணம் ஆகும்.
(அ) எத்தனை தேங்காய் வாங்கினால் தாத்தாவின் பயணச்செலவு சரிக்கட்டும்? எத்தனையிலிருந்து லாபம்?
(ஆ) 10 தேங்காய் வாங்கினால், பயணச்செலவையும் சேர்த்து ஒரு தேங்காய் எவ்வளவுக்கு விழுகிறது?
(இ) தாத்தாவுக்குப் பதில் பாட்டி சாதாரண நகரப் பேருந்தில் சென்றால் இவ்விரண்டு விடைகளும் எப்படி மாறும்?

விடைகளும் திருத்துவோருக்கான குறிப்புகளும்

முதல் கணக்கின் வீதங்கள் முறையே 1 ரூபாய், 87.5 பைசா, 85 பைசா, 80 பைசா. மார்த்தாண்டம் வீதத்தில் சுசீந்திரத்துக்கு ரூ.4.80 ஆகும். (இ) பிரிவில் "குறைந்தபட்சக் கட்டணம்", "நிலைக்கட்டணம்", "ஏறினாலே ஒரு தொகை கொடுக்க வேண்டும்" என்று எந்தச் சொல்லில் எழுதினாலும் முழு மதிப்பெண் தருக. பேருந்துக் கட்டணம் தொலைவுக்கு நேர்விகிதத்தில் இல்லை என்பதை மாணவர் உணர்கிறாரா என்பதே இங்கு பார்க்க வேண்டியது; நேர்விகிதம் என்று எண்ணிக்கொண்டு எல்லா ஊருக்கும் ஒரே வீதம் எழுதுவதே அடிக்கடி வரும் பிழை. இரண்டாம் கணக்கு அதன் தொடர்ச்சி: 14 + 13 = 27, கூடுதல் 3 ரூபாய், ஒரு கிலோமீட்டருக்கு 90 பைசா. 87.5 பைசாவையும் இரண்டாம் பயணத்தின் ஏறத்தாழ 93 பைசாவையும் கூட்டி இரண்டால் வகுப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் விடையும் 90க்கு மிக அருகில் இருப்பதால் இப்பிழை எளிதில் கண்ணில் படாது. செய்முறையைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

மூன்றாவதில் 48 ஆள்-கிலோமீட்டர். நகரப் பேருந்தில் 14 ÷ 48, ஏறத்தாழ 29 பைசா. மற்றதில் 54 ÷ 48, அதாவது ரூ.1.125. நான்காவதில் 8 ரூபாய்க்கு 25 நிமிடம் மிச்சம். நிமிடத்துக்கு 32 பைசா.

ஐந்தாவதற்கு வகுப்பில் நேரம் ஒதுக்குக. ஒரு பழத்துக்குத் தெருமுனையில் ரூ.3.50, சந்தையில் ரூ.4. ஆனால் தெருமுனையில் 600 கிராமுக்கு 42 ரூபாய் என்பதால் ஒரு கிலோ 70 ரூபாய், சந்தையில் 64. சந்தைப் பழம் ஒவ்வொன்றும் 62.5 கிராம், அதாவது பெரியது. முரண்பாட்டுக்கு அதுவே காரணம். ஆளுக்கொரு பழம் என்றால் தெருமுனைக் கடை, பஞ்சாமிர்தம் என்றால் சந்தை. கடைக்காரர் எவரும் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வகுப்பில் அந்த விவாதமே பத்து நிமிடம் நடந்தது.

ஆறாவதில் 273 ÷ 0.91 = 300. செக்கெண்ணெய்தான் கிலோவுக்கு 10 ரூபாய் மலிவு. 273ஐயும் 290ஐயும் நேரடியாக ஒப்பிட்டவர்களுக்கு மதிப்பெண் இல்லை. ஏழாவதில் ரூ.12.50, ஏறத்தாழ ரூ.14.29, விலையேற்றம் ஏறத்தாழ 14.3 விழுக்காடு. எடை 12.5 விழுக்காடுதானே குறைந்தது என்று கேட்கும் மாணவருக்கு, அந்த 12.5ஐ 80இன் மேல் கணக்கிட்டோம் என்று காட்டுக.

எட்டாவதில் முதல் கேள்விக்கு "சொல்ல இயலாது" என்பதே சரியான விடை. 100 ÷ 150 கிலோ, அதாவது ஏறத்தாழ 667 கிராமுக்கு மேல் இருந்தால் கூறு லாபம். ஒன்பதாவதில் மூட்டை அரிசி கிலோ 52 ரூபாய், 25 கிலோவில் 50 ரூபாய் மிச்சம். ஆட்டோவுக்குப் பின் 10 ரூபாய் நட்டம். இரண்டு மூட்டை வந்தால் 40 ரூபாய் லாபம்.

பத்தாவதில் போய்வர 18 ரூபாய், ஒரு தேங்காயில் மிச்சம் 6 ரூபாய். மூன்று வாங்கினால் சரிக்கட்டும், நான்காவதிலிருந்து லாபம். ஒரு வழிக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்றரைத் தேங்காய் என்று எழுதுபவர்களைத் திரும்பி வரும் பேருந்தை நினைவுபடுத்தி அனுப்புக. பத்துத் தேங்காய்க்கு 298 ரூபாய் ஆவதால் ஒன்று ரூ.29.80க்கு விழுகிறது. பாட்டி சென்றால் ஒன்று ரூ.28தான், முதல் தேங்காயிலிருந்தே லாபம்.