சங்க அறிவிப்பும் துணைவிதிகளும்: சுருக்கமாக

சத்துவாச்சாரி குடியிருப்பின் 48 வீட்டினருக்கும் வணக்கம். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியுள்ள அறிவிப்பு நீளமானது. படிக்க நேரமில்லாதவர்களுக்காக முக்கியமானவை மட்டும்.

பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு ரூ.2.50. அதாவது 1,000 சதுர அடி வீட்டுக்கு மாதம் ரூ.2,500. 10-ம் தேதி தாண்டினால் ரூ.100 கூடும். வாடகைக்கு விட்டிருந்தாலும் பாக்கிக்கு உரிமையாளர்தான் பொறுப்பு. “குடியிருக்கிறவரைக் கேளுங்கள்” என்பது செல்லாது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு தனி.

வீட்டுக்கு ஒரு கார், இரண்டு பைக். மருத்துவமனைக்கு வரும் சொந்தக்காரர்கள் நாள் கணக்கில் தங்குவது நம் ஊரில் சகஜம். அவர்கள் வண்டி எண்ணை வாட்ச்மேன் நோட்டில் எழுதிவிடுங்கள், போதும். ஜெனரேட்டர் முன்னால் மட்டும் யாரும் நிறுத்தக் கூடாது. முதல் தடவை எச்சரிக்கை, அப்புறம் ரூ.500.

அதிகம் சண்டை வருவது ரிப்பேரில்தான். பொதுக் குழாய் சங்கத்தின் செலவு. மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகி கீழ் வீட்டு சீலிங் ஊறிப் பெயிண்ட் உரிந்தால், மேல் வீட்டுக்காரர் 15 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் சங்கமே ஆள் வைத்து முடித்து, அந்தத் தொகையை அவர் கணக்கில் சேர்க்கும். கடுமைதான், ஆனால் கீழ் வீட்டில் இருந்து பார்த்தால் நியாயம் புரியும். உள்சுவர் இடிக்க எழுத்து அனுமதி வேண்டும். தூணையும் பீமையும் தொடவே கூடாது, மீறினால் ரூ.10,000. டிரில்லிங் வேலை காலை 9 முதல் மாலை 6 வரை, ஞாயிறு கிடையாது.

ஆட்சேபம் இருந்தால் 15 நாளுக்குள் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.