ஏழு முப்பது

திருவையாற்றில் இருக்கும் அந்த ஓட்டு வீட்டின் முற்றத்தில், 2025 மார்ச் 17 அன்று பிற்பகல் மூன்று மணியிலிருந்தே ஆட்கள் சேரத் தொடங்கிவிட்டார்கள். கும்பகோணத்திலிருந்து அத்தையும் மாமாவும் வந்தார்கள். சென்னையிலிருந்து தம்பி முதல் நாள் இரவே பேருந்து ஏறி விடியற்காலையில் வந்திருந்தான். யாரையும் அழைக்க வேண்டாம் என்று சங்கரி அம்மாவிடம் இரண்டு முறை சொல்லியிருந்தாள். அம்மா இரண்டு முறையும் சரி என்று தலையாட்டிவிட்டு, எல்லோரையும் அழைத்திருந்தாள்.

அன்று மாலைதான் மேட்ச் முடிவு வரவிருந்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் மேற்படிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பித்த மருத்துவர்களுக்கு இடம் கிடைத்ததா இல்லையா என்பதை மட்டும் அந்தத் திங்கட்கிழமை மின்னஞ்சலில் தெரிவிப்பார்கள். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வெள்ளிக்கிழமை வரை தெரியாது. அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் காலை 10 மணி, நமக்கு இரவு 7.30. அப்பா அதை 8.30 என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று சங்கரி சொன்னபோது, முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தவர், தம் தாளில் எட்டை அடித்து ஏழு என்று எழுதிக்கொண்டார். அந்த நேரத்தை ஏழரை என்று சொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை. ஏழு முப்பது என்றே கடைசி வரை சொன்னாள். அம்மா நாட்காட்டியைப் பார்த்து, திங்கட்கிழமை ராகுகாலம் காலையில்தான் என்பதை உறுதிசெய்துகொண்டாள்.

சங்கரிக்கு இது இரண்டாம் முறை. சென்ற ஆண்டு முடிவு வந்த இரவில் அவள் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப்பணியில் இருந்தாள். பணி மருத்துவர் அறையில், மூன்றாம் படுக்கை நோயாளிக்குச் சலைன் மாற்றச் சொல்லிவிட்டு வந்து, நின்றபடியே மின்னஞ்சலைத் திறந்தாள். "We are sorry" என்று அது தொடங்கியது. மேலே படிக்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனாள். மறுநாள் நண்பகலில்தான் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னாள். இடம் கிடைக்காமல் போனதைப் பற்றி அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. "ராத்திரி பூரா இதை வச்சுக்கிட்டா வேலை பாத்தே?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்விதான் இந்த ஆண்டு எல்லோரையும் முற்றத்தில் கொண்டுவந்து உட்கார்த்தியிருந்தது என்பது சங்கரிக்கும் தெரியும்.

தெரிந்திருந்தும் அவளுக்கு அது பிடிக்கவில்லை. இடம் கிடைக்காவிட்டால் தான் அழுவதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். ஆறு முகங்கள் தனக்காக வாடுவதைப் பார்த்து, அந்த ஆறு பேரையும் தேற்ற வேண்டிய வேலை தன் தலையில் விழும் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதனால் மடிக்கணினியை மாடி அறையில் மேசைமேல் திறந்து வைத்து, கதவைச் சாத்தி, ஏழு மணிக்கு மேல் யாரும் மேலே வரக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

அந்த மேசையில்தான் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஐந்து நேர்காணல்கள் நடந்தன. நான்கு பொது மருத்துவத்துக்கு, ஒன்று குடும்ப மருத்துவத்துக்கு. எல்லாமே காணொலியில். அவர்களுக்குப் பகல் என்பதால் இவளுக்கு இரவு. மேலே கோட்டும் கீழே பருத்திச் சல்வாருமாக உட்கார்ந்து, நள்ளிரவில் நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவள் போலப் பேசுவாள். அந்த இரவுகளில் தெருநாய் குரைத்துவிடக் கூடாதென்று அப்பா ஒரு பொட்டலம் பொறையுடன் வாசல் திண்ணையில் காவல் இருந்தார். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறை தண்ணீர் குடிக்க இறங்கி வந்தபோது அவளே பார்த்தாள். மார்ச் 6 காலை 7.30 மணி, மருத்துவமனைகளை வரிசைப்படுத்தித் தரும் விருப்பப் பட்டியலை உறுதிசெய்வதற்கான கடைசி நேரம். அதற்கு மூன்று நாள் முன்பே அவள் அதை முடித்துவிட்டாள். அதன்பிறகு அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒன்றும் செய்ய முடியாமல் காத்திருப்பதுதான் மருத்துவர்களுக்கு மிகக் கடினமான வேலை.

மாசி, பங்குனியில் வழக்கம்போல் வீட்டில் புளி வந்திறங்கியிருந்தது. அம்மாவும் அத்தையும் முற்றத்தில் சாக்கை விரித்து, அரிவாள்மணையில் புளியைக் கீறிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கை சும்மா இருந்தால் மனம் ஓடும் என்று அம்மாவே அந்த வேலையை அன்றைக்கு வைத்திருக்க வேண்டும். கொட்டைகள் முறத்தில் பளபளவென்று குவிந்தன.

எண்பத்து மூன்று வயது அப்பாயி தூணில் சாய்ந்தபடி கேட்டாள். "மேட்சு மேட்சுங்குறீங்க. பொருத்தம் பாக்குறதா?"

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "பொருத்தம் பாக்குறதுதாம்மா" என்று எழுந்தவர், அடுக்களையிலிருந்து மூன்று எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டுவந்தார். தம்பியின் வெள்ளை மைப் பேனாவால் ஏழு புளியங்கொட்டைகளில் ஒன்று முதல் ஏழு வரை எண் எழுதி, தாயின் எதிரே சம்மணமிட்டு அமர்ந்தார். டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்று இரண்டு கணிதக்காரர்கள் 1962இல் இந்த வழியை எழுதியபோது கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் ஒன்றாக வைத்துத்தான் எழுதினார்கள் என்றும், பிற்பாடு ஆல்வின் ராத் என்பவர் மருத்துவர்களுக்கான முறையைத் திருத்தி அமைத்தார் என்றும், 2012இல் ஷேப்லிக்கும் ராத்துக்கும் பொருளாதார நோபல் கொடுத்தார்கள் என்றும் சொன்னார். மகளுக்கு என்ன நடக்கிறது என்று புரியாமல் இருக்கக் கூடாதென்று, ஓராண்டாக அவர் இதைப் படித்திருந்தார்.

"டம்ளர் ஆஸ்பத்திரி. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு இடம். கொட்டை டாக்டர். ஒவ்வொரு கொட்டையும் தனக்கு ரொம்பப் பிடிச்ச டம்ளருக்கு முதல்ல போகும். டம்ளருக்கும் பிடிச்சிருந்தா உள்ளே வச்சுக்கும். ஆனா நிச்சயம் பண்ணாது. பின்னால அதுக்கு இன்னும் பிடிச்ச கொட்டை வந்தா, முன்னால வந்ததை வெளியே அனுப்பிடும். வெளியே வந்தது அழுதுக்கிட்டு உக்காராது, தன் பட்டியல்ல அடுத்த டம்ளரைப் போய்க் கேக்கும். எல்லாரும் கேட்டு முடிச்சப்புறம்தான் நிச்சயதார்த்தம்."

ஒவ்வொரு கொட்டையாக டம்ளரில் போட்டார். டிங் என்ற ஓசை. ஏழாம் கொட்டை போனதும் இரண்டாம் கொட்டையை எடுத்து வேறு டம்ளருக்கு மாற்றினார். அங்கே ஏற்கெனவே இருந்த ஒன்று வெளியேறியது. அது அடுத்த டம்ளருக்குப் போய், அங்கிருந்த ஒன்றைக் கிளப்பியது. அத்தையும் அம்மாவும் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். முன்பின் அறிமுகம் இல்லாத அந்தக் கொட்டைகளுக்காக அத்தை உச்சுக் கொட்டினாள். ஒருவழியாக எல்லா அசைவும் நின்றபோது டம்ளருக்கு இரண்டாக ஆறு கொட்டைகள் உள்ளே இருந்தன. ஐந்தாம் எண் கொட்டை மட்டும் தரையில் கிடந்தது. மூன்று டம்ளர்களிடமும் கேட்டுப் பார்த்தாயிற்று.

"இது?" என்று அப்பாயி விரலால் தொட்டாள்.

அப்பாவின் கை அப்படியே நின்றது. ஏழு கொட்டை எடுத்தபோது அவர் இதை நினைத்திருக்கவில்லை. மாடிப்படியின் பாதியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சங்கரியை அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். அமெரிக்காவுக்கு வெளியே படித்து, அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் விண்ணப்பித்தவர்களில் சென்ற ஆண்டு நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேருக்குத்தான் இடம் கிடைத்தது என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். முற்றத்தில் யாரும் பேசவில்லை.

அப்பாயி அந்தக் கொட்டையை எடுத்தாள். முந்தானையால் அதன்மேல் ஒட்டியிருந்த புளியைத் துடைத்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து, வெற்றிலைக்கும் பாக்குக்கும் இடையில் அதைப் போட்டு, கயிற்றை இழுத்து மூடிக்கொண்டாள். "இது நம்ம வீட்டுக் கொட்டை. டம்ளர் இல்லாட்டி என்ன, பை இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூணில் சாய்ந்தாள்.

சங்கரி மாடிக்குத் திரும்பிப் போனாள். மணி 7.18. நாற்காலியில் உட்கார்ந்தாள். மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. திருச்சியின் அந்தப் பணி அறையிலும் இதே சத்தம்தான் கேட்டது. எழுந்து, மடிக்கணினியையும் மின்னூட்டக் கம்பியையும் ஒன்றாக அணைத்து எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். தம்பி ஓடி வந்து கம்பியை வாங்கிச் சுவரில் செருகினான். அம்மா புளிக்கை படாமல் புறங்கையால் சாக்கை ஒதுக்கி இடம் செய்தாள். சங்கரி அப்பாயியின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள்.

7.29க்கு யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. 7.30 ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. 7.31. தம்பி தன் கைப்பேசியின் இணைய இணைப்பைத் தரட்டுமா என்று முணுமுணுத்தான். மாமா வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அப்போது மின்னஞ்சல் பட்டியலின் தலையில் தடித்த எழுத்தில் ஒரு வரி வந்து விழுந்தது. சங்கரியின் விரல் விசைப்பலகையில் நழுவியது. இரண்டாம் முறை அழுத்தியபோதுதான் திறந்தது. இந்த முறை முதல் சொல் வேறாக இருந்தது. "Congratulations".

அவள் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. அப்பா அவள் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டு, எழுத்துப்பிழை தேடுகிறவர் போல மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைக்கத் தொடங்கினார், நிறுத்தவே இல்லை. அம்மா புளிக்கையோடு மகளின் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். சங்கரி அப்போதுதான் அழுதாள். சென்ற ஆண்டின் அழுகையும் அதில் இருந்தது. யாரும் யாரையும் தேற்றவில்லை. அத்தை சர்க்கரை டப்பாவைத் தேடி அடுக்களைக்குள் ஓடி, உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு வந்து, மறுபடியும் உள்ளே போனாள்.

எல்லோர் வாயிலும் சர்க்கரை விழுந்த பிறகு அப்பாயி கேட்டாள். "எந்த ஊரு ஆயி?"

"தெரியாது அப்பாயி. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒம்பதரைக்குத்தான் சொல்லுவாங்க."

"எந்த டம்ளருன்னு இன்னும் தெரியாதா?"

"தெரியாது."

அப்பாயி சுருக்குப்பையை அவிழ்த்து, உள்ளே விரல்விட்டுத் துழாவி, ஐந்தாம் எண் கொட்டையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பவும் உள்ளே போட்டாள். "அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிக் கயிற்றை இறுக்கினாள். உள்ளே அம்மா, இன்னும் நான்கு நாள் ஆட்கள் இருப்பார்கள் என்று கணக்கிட்டு, கூடுதலாக இரண்டு படி இட்லி அரிசியை அளந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.