வாங்க அண்ணே, இந்த ஞாயிறு பேச்சிப்பள்ளம்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம சுக்குக்காப்பி அண்ணன் இன்று குழுவில் சேர்ந்துவிட்டார். அவரைப் பார்க்காத புது ஆட்களுக்கு ஒரு வார்த்தை: காலை வெயில் பாறையில் சாய்வாக விழும் நேரத்தில் நின்று பார்த்தால் தேய்ந்த எழுத்தும் கண்ணுக்குத் தட்டுப்படும் என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான்.

வாங்க அண்ணே! உங்கள் பேரைக் குழுவில் பார்த்ததும் ரொம்ப சந்தோஷம்.

பழைய மெசேஜ் எதையும் தேட வேண்டாம். பாதி குட்மார்னிங், மீதி யார் பைக்கில் யார் ஏறுவது என்ற பஞ்சாயத்து. அரிட்டாபட்டி டங்ஸ்டன் ஏலம் 2025 ஜனவரியில் ரத்தான சேதியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அன்றைக்குக் குழுவில் ஒரே கொண்டாட்டம், அவ்வளவுதான். சந்தா, வருகைப்பதிவு எல்லாம் இப்போதும் கிடையாது. டிபன் செலவை அன்றன்றைக்கே பிரித்துக்கொள்கிறோம்.

இந்த ஞாயிறு சமணர் மலை. காலை ஐந்தே முக்காலுக்குக் கீழக்குயில்குடி அய்யனார் கோயில் பக்கத்து ஆலமரத்தடி. அங்கிருந்து படியேறி பேச்சிப்பள்ளம். எட்டுச் சிற்பங்களும் வரிசையாக நிற்கும் அந்தப் பாறைக்கு முன்னால் உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். சிற்பங்களுக்குக் கீழே உள்ள வட்டெழுத்தில் ‘செய்வித்த திருமேனி’ வரைக்கும் நாங்களே தட்டுத் தடுமாறிப் படித்துவிடுகிறோம். ஓர் இடத்தில் மட்டும் நான் ‘ப’ என்கிறேன், டீச்சர் அக்கா ‘வ’ என்கிறார். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம், என்ன செய்ய? போட்டோவைக் கீழே போடுகிறேன். தோன்றும்போது பாருங்கள், அவசரமில்லை. (தீர்ப்பு ‘வ’ என்றால் எனக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.)

வருகிறேன், வரவில்லை என்று முன்கூட்டிச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை அண்ணே. காலையில் எழுந்ததும் மனசு வந்தால் கிளம்புங்கள். காளவாசல் வழியாக ஒரு கார் வருகிறது, இடம் இருக்கிறது, ஒரு போன் போதும். மேலே ஏற வேண்டாம் என்றிருந்தால் தாமரைக்குளத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கலாம். துணைக்கு எப்போதும் ஓரிருவர் கீழேயே இருப்பார்கள். இறங்கி வந்து நாகமலைப் புதுக்கோட்டையில் இட்லி. சுக்குக்காப்பி போடும் பொறுப்பை இப்போது தம்பி ஒருவர் எடுத்திருக்கிறார். நீங்கள் குடித்துப் பார்த்து மார்க் போட்டால் போதும். சுக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், முன்பே சொல்லிவிட்டேன்.

மற்றவர்களுக்கு: பைக்கில் இடம் இருப்பவர்கள், தண்ணீர் கேன் எடுத்து வருபவர்கள் கீழே பேரைப் போடுங்கள். ‘ப’ கட்சியா ‘வ’ கட்சியா என்பதையும் சேர்த்து. சனி இரவு எட்டு மணிக்குள் சொன்னால் இட்லிக் கடைக்கு எத்தனை பேர் என்று சொல்லி வைக்க வசதியாக இருக்கும்.