கேட் ஸ்லிப்பு

சாயங்காலம் நாலு நாற்பதுக்குச் சின்னராசு பத்துச் சக்கர வண்டியைக் கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரத்து யார்டுக்குள் விட்டபோது, வாட்ச்மேன் நோட்டில் வண்டி நம்பரை மட்டும் எழுதிக்கொண்டார். நேரம் எழுதுகிற கட்டத்தில் பேனா இறங்கவில்லை.

"மணியையும் போட்டுக்குங்க பெரியவரே."

"அத சூப்பர்வைசர் தம்பி போட்டுக்கும். எனக்கு நம்பர் மட்டுந்தான் சொல்லியிருக்காங்க."

சின்னராசுவுக்கு அப்போதே உறைத்துவிட்டது. லோடு ஆறு மணிக்கு ரெடி என்று போனில் சொன்னவர்கள், நேரத்தை எழுதப் பயப்படுகிறார்கள் என்றால் லோடு இன்னும் புறப்படவே இல்லை.

பூனாவுக்கு 200 மூட்டை ஜவ்வரிசி. மூட்டை 90 கிலோ, மொத்தம் 18 டன். ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலையிலிருந்து சின்ன வண்டிகளில் இங்கே வந்து, இவன் வண்டிக்கு மாற வேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டால் வடக்கே நவராத்திரி விரதத்துக்கு ஜவ்வரிசியை அள்ளிக்கொண்டு போவார்கள். நமக்குப் பாயாசமும் வடாமும்தான், அவர்களுக்கு அதுதான் விரத நாள் முழுக்கச் சாப்பாடு. பூனாவில் வியாபாரி கடையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பான். ஆனால் புரட்டாசியில் சேலம் ஜில்லாவில் சாயங்காலமானால் இடியும் மழையும் கூடவே வரும். ஜவ்வரிசிக்கு வெயில் இல்லாமல் முடியாது. வறுத்தெடுத்த குருணையைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். வானம் மூடிக்கொண்டால் ஆலைக்காரன் என்ன செய்வான்? தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, வியாபாரியிடம் "லோடு ஏறிக்கிட்டு இருக்குது" என்பான்.

ஏழரைக்குக் குமரேசன் மோட்டார் பைக்கில் வந்து இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பார்த்ததும் இரண்டு பேருக்கும் ஒரு நொடி வார்த்தை வரவில்லை. பதினாறு வயசில் சங்ககிரியில் சின்னராசுவின் வண்டியில் கிளீனராக ஏறியவன் இந்தக் குமரேசன். நாக்பூர், இந்தூர், கல்கத்தா என்று நாலு வருஷம் கூடவே சுத்தியவன்.

"வாங்கண்ணா. நீங்கதான் வண்டின்னு தெரியாதே."

"நீங்கதான் சூப்பர்வைசருன்னு எனக்கும் தெரியல."

லோடுமேன்கள் பக்கத்தில் நின்றதால் அந்த 'நீங்க'. அவர்கள் டீக்குப் போனதும் சின்னராசு நேராக விஷயத்துக்கு வந்தான்.

"டேய் குமரேசா, லோடு எங்கடா நிக்குது?"

"வாழப்பாடி தாண்டிருச்சுங்ணா."

"ஆலையில தையலே போட்டிருக்க மாட்டானுங்க. எங்கிட்டயேவா?"

குமரேசன் சிரித்துக்கொண்டே கேபினுக்குள் போய்விட்டான். கதவைச் சாத்தியதும் ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

ஒன்பது மணிக்கு லோடு மேஸ்திரி வந்து, ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார். சரக்கு வந்தால் போன் போட்டால் போதும், தாதகாப்பட்டியிலிருந்து பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி, சும்மா நிற்கிற நேரத்துக்குக் காசில்லை. டிரைவருக்கு மட்டும் இருக்கிறதா என்ன? சின்னராசுவின் முதலாளி நல்ல மனுஷன்தான், ஹால்ட்டிங் வந்தால் பாதியை டிரைவருக்கே கொடுத்துவிடுவார். ஆனால் ஹால்ட்டிங் வர வேண்டுமே. உள்ளே வந்த நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் போனால் ஒரு நாள் வாடகை என்று பேச்சு. இதெல்லாம் கேட் ஸ்லிப்பில் எழுதியிருந்தால்தான். ஸ்லிப்பில் ராத்திரி பன்னிரண்டு என்று இருந்தால், சின்னராசு என்கிற ஆள் சாயங்காலம் முழுக்க வானத்திலிருந்து இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம்.

மழை விட்டிருந்தது. யார்டு முழுக்கச் சேறு. கயிறு, தார்ப்பாய், ஜாக்கி எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தான். இப்போது வண்டியில் கிளீனர் கிடையாது. முன்பு ஒரு வண்டிக்கு இரண்டு பேர், இப்போது ஒரே ஆள் ஓட்டி, ஒரே ஆள் சமைத்து, ஒரே ஆள் தூங்காமல் இருக்க வேண்டியது. அந்தச் சம்பளத்துக்குப் பையன்கள் வருவதில்லை, வந்தாலும் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சைக்கிளில் கேனோடு வந்த ஆளிடம் டீயும் ஒரு தட்டுவடை செட்டும் வாங்கினான். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் அமுக்கி வைத்து, ஒரே வாயில் போடும்போது காரம் மூக்கு வரைக்கும் ஏறியது. வடக்கே சுக்கா ரொட்டி தின்னும் நாட்களில் அவனுக்கு நினைப்பு வருவது இதுதான். இன்னொரு செட் சொன்னான்.

பதினோரு மணிக்கு ஒரு புரோக்கரிடமிருந்து போன். பெங்களூருக்கு இரும்பு லோடு ரெடியாக நிற்கிறது, வண்டியைத் திருப்புகிறானா என்று கேட்டான். சின்னராசு கொஞ்சம் யோசித்தான். பூனா லோடுக்கு அட்வான்ஸ் வாங்கி டீசல் அடித்தாயிற்று. "இல்லீங்க, பிக்ஸ் பண்ணிட்டேன்" என்று வைத்துவிட்டு, அப்புறம் அரை மணி நேரம் அதை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தான்.

வடக்கே ஏற்காட்டு மலைப் பாதையில் வண்டி விளக்குகள் வளைந்து வளைந்து ஏறின. கேபினில் படுத்தான். கொசு படுக்கவிடவில்லை.

மூன்றே காலுக்குச் சரக்கு வந்தது. முதல் வண்டியின் கதவு திறந்ததுமே புளித்த வாசம் லேசாக அடித்தது. சேகோ ஆலைக்குப் பக்கத்தில் ஊரே நாறும், அந்த வாசம் வேறு. இது மூட்டைக்குள்ளிருந்து வந்த வாசம். சின்னராசு டூல்ஸ் பெட்டியிலிருந்து குத்தூசியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

முதல் மூட்டையில் குத்தி உள்ளங்கையில் கொட்டினான். மணிகள் கலகலவென்று உருண்டு கையிலிருந்து வழுக்கின. ஒன்றை எடுத்துக் கடித்தான், டக்கென்று உடைந்தது. நல்ல சரக்கு. நாலைந்து மூட்டை தள்ளி அடுத்ததைக் குத்தினான். கொட்டியது கொட்டியபடியே உள்ளங்கையில் ஒட்டி நின்றது. கையைக் கவிழ்த்தான், பாதிதான் விழுந்தது. கடித்தால் பல்லில் ஒட்டியது.

"மேஸ்திரி, கொஞ்சம் நிறுத்துங்க."

குமரேசன் கேபினிலிருந்து ஓடி வந்தான். சின்னராசு ஒன்றும் பேசாமல் அவன் கையைப் பிடித்து விரித்து, அதில் குத்தூசியைக் கவிழ்த்தான். குமரேசன் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லா மூட்டையும் இப்படியில்லீங்ணா. அடிக்களத்துல கடைசியா வாரினது. மேலாக்க முப்பது மூட்டை இருக்கும்."

"பூனா போய்ச் சேர்றதுக்குள்ள முப்பதும் கட்டி புடிச்சுரும். பக்கத்து மூட்டையையும் கெடுக்கும். அங்க என்ன சொல்லுவான்? டிரைவர் தார்ப்பாயைச் சரியா கட்டல, மழை எறங்கிருச்சும்பான். நாக்பூர்ல அரிசிக்கு என்ன பண்ணுனானுங்க, ஞாபகம் இருக்குதா?"

குமரேசனுக்கு ஞாபகம் இருந்தது. அந்த மண்டியில் மூன்று நாள் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அட்வான்ஸ் பணம் தீர்ந்து, கடைசி நாள் இரண்டு பேரும் பச்சை மிளகாயும் ரொட்டியும் தின்றார்கள். வாடகையில் பிடித்தம் போக, அந்த டிரிப்பில் கிளீனருக்குப் படிகூட மிஞ்சவில்லை.

"என்ன பண்ணலாம்ங்கறீங்க?"

"ரெண்டு வேல. கேட் ஸ்லிப்புல நாலு நாப்பதுன்னு எழுது. சரக்கோட போற ரசீது, அந்த எல்.ஆர்.ல ஈர மூட்டைன்னு எழுது. உம்பட கையெழுத்துல, சீலோட."

குமரேசன் அவனைத் தள்ளி, வண்டியின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"ரெண்டும் முடியாதுங்ணா. ஈரம் ஆலைக்காரன் தப்பு, அவன் தலையில எழுதறதுக்கு நான் பொறுப்பு எடுத்துக்கறேன். திட்டுவாங்க, வாங்கிக்கறேன். ஹால்ட்டிங் எங்க ஆபீஸ் காசு. போன மாசம் ஒருத்தனுக்கு நேரம் சரியா எழுதிட்டேன்னு என் சம்பளத்துல புடிச்சுட்டாங்க. நேரத்தக் கேக்காதீங்க."

"வைகுந்தம் டோல்ல மூணு அம்பதுக்குத் தாண்டியிருக்கேன். ஓனர் போன்ல மெசேஜ் கிடக்குது."

"டோலத் தாண்டினதுக்குத்தான் அது சாட்சி. யார்டுக்கு வந்ததுக்கு ஸ்லிப்புதானே. இத நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

சின்னராசுவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆமாம், இவன்தான் சொன்னான். வண்டி எங்கே நின்றாலும் முதலில் நேரத்தை எழுதி வாங்கு, அப்புறம் டீ குடி. பையன் பாடத்தை மறக்கவில்லை, உட்கார்ந்திருக்கும் பக்கம்தான் மாறிப்போயிருக்கிறது.

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான். ஹால்ட்டிங்கில் அவன் பங்கு, ஒரு ராத்திரிக் கூலி. மூட்டை கெட்டால் முதலாளிக்கு வாடகையே போகும், அடுத்த லோடு இல்லாமல் பூனாவில் எத்தனை நாள் நிற்க வேண்டுமோ.

"எல்.ஆர்.ல எழுது. ஈர மூட்டை எத்தனைன்னு எண்ணி எழுது. அதுகள சாக்பீஸ்ல கோடு போட்டு, கடைசியாப் பின்னால ஏத்தச் சொல்லு. நல்ல மூட்டையோட ஒட்ட வேண்டாம்."

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே குத்தூசியை வாங்கினார். எண்ணிப் பார்த்ததில் முப்பத்தொன்று. குமரேசன் கேபினில் உட்கார்ந்து, 'ஏற்றும்போதே 31 மூட்டை ஈரம்' என்று எழுதி, மூன்று நகலிலும் சீல் வைத்தான். சின்னராசு ஒவ்வொரு நகலையும் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் படித்தான். கேட் ஸ்லிப்பில் பன்னிரண்டு மணி என்றிருந்தது. அதில் கையெழுத்துப் போடும்போது பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது.

ஐந்தரைக்கு ஏற்றி முடித்தார்கள். தார்ப்பாயை விரிக்கச் சின்னராசு மேலே ஏறினான். கீழே கயிறு பிடிக்க ஆளில்லை, லோடுமேன்களின் வேலை மூட்டையோடு முடிந்தது. குமரேசன் அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கயிற்றை வாங்கிக் கொக்கியில் மாட்டி இழுத்தான். சேறு முழங்கால் வரைக்கும் தெறித்தது. இரண்டாவது கொக்கியில் முடிச்சு நழுவியது.

"மறந்துட்டியா?"

"கை பழக்கம் விட்டுருச்சுங்ணா."

"அவுத்துட்டு மறுபடி போடு. நான் மேல இருந்து இழுக்கறேன்."

எடைமேடையில் முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. வரிசையில் நிற்கும்போது முதலாளியின் போன் வந்தது.

"ஏத்தியாச்சா? ஹால்ட்டிங் ஸ்லிப்பு வாங்கினியா?"

"இல்லீங்க. பன்னண்டு மணின்னுதான் எழுதிக் குடுத்தாங்க."

"ஏம்ப்பா, நீ அஞ்சுக்கு முன்னாடியே போயிட்டீல்ல?"

"போயிட்டேனுங்க. முப்பத்தொரு மூட்டை ஈரமுங்க. அதை எல்.ஆர்.ல எழுதி வாங்கிட்டேன். ரெண்டும் குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

அந்தப் பக்கம் கொஞ்சம் பேச்சில்லை.

"உன் பங்கும் போச்சு பாத்துக்க."

"போச்சுங்க. அத வுடுங்க, ஃபாஸ்டேக்ல காசு இருக்குதுங்களா? வைகுந்தத்துலயே கம்மின்னு காட்டுச்சு. நான் ஓமலூர் டோலுக்குப் போறதுக்குள்ள போட்டு வுட்ருங்க."