பொருள்: டெங்குக் காய்ச்சலால் மருத்துவமனையில் உள்ளேன் – நவம்பர் 17, 19 தேர்வுகளைப் பின்னொரு நாளில் எழுத அனுமதி வேண்டி (பி.எஸ்சி. வேதியியல், ஐந்தாம் பருவம், பதிவெண் 2023417)

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தேர்வுத் துறை,
அபிஷேகப்பட்டி, திருநெல்வேலி.

நகல்: கல்லூரி முதல்வர் அவர்கள், வேதியியல் துறைத் தலைவர் அவர்கள்.

நாள்: 16.11.2025, ஞாயிறு, இரவு 8 மணி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் நாகர்கோவிலில் உள்ள இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியின் பெயரும் தேர்வு மைய எண்ணும் இணைப்பில் உள்ள ஹால் டிக்கெட்டில் இருக்கின்றன. நேற்று மாலை முதல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டெங்குக் காய்ச்சலுக்காக உள்நோயாளியாக இருக்கிறேன். நாளை திங்கட்கிழமை காலை கரிம வேதியியல் தேர்வும், புதன்கிழமை இயற்பிய வேதியியல் தேர்வும் உள்ளன. இரண்டையும் என்னால் எழுத முடியாது. இவற்றைப் பின்னொரு நாளில் எழுத அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுத்தான் இதை அனுப்புகிறேன்.

இன்று ஞாயிறு, அலுவலகம் இருக்காது என்று தெரியும். ஆனாலும் தேர்வு தொடங்கும் முன்பே இந்தத் தகவல் உங்களிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். தேர்வைத் தவறவிட்ட பிறகு காரணம் சொல்வதை விட இதுதான் முறை என்று பட்டது. வலது கையில் டிரிப்ஸ் ஏற்ற வென்ஃப்ளான் போட்டிருக்கிறார்கள். அதனால் நான் சொல்லச் சொல்ல அக்கா தன் போனில் டைப் செய்கிறாள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை நாள்வாரியாகச் சொல்கிறேன். 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை முதல் தேர்வை நன்றாகவே எழுதினேன். 12ஆம் தேதி இரவு திடீரென்று குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தது, கண்ணுக்குப் பின்னால் குத்துவது போல வலி. மழை நேரத்துக் காய்ச்சல் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மறுநாள் வியாழக்கிழமை கனிம வேதியியல். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி வந்து அந்தத் தேர்வை முழுதாக மூன்று மணி நேரமும் எழுதினேன். இடையில் கை நடுங்குவதைப் பார்த்த கண்காணிப்பாளர் மேடம் தண்ணீர் கொடுத்து, முடியவில்லை என்றால் எழுந்து போகலாம் என்றார்கள். நான் போகவில்லை. அந்தத் தேர்வுக்கு எந்தச் சலுகையும் கேட்கவில்லை. எழுதியதற்கு என்ன மதிப்பெண் வருகிறதோ அது போதும்.

வெள்ளிக்கிழமையும் காய்ச்சல் விடாததால் அரசு மருத்துவமனைக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்குவைக் காட்டும் என்.எஸ்.1 பரிசோதனை பாசிட்டிவ். பிளேட்லெட் 1,32,000. நிறைய கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். குடிக்க வேண்டும், வாந்தியோ வயிற்று வலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வர வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை மதியம் அதே போல வாந்தியும் வயிற்று வலியும் வந்தன. குடித்த எதுவும் உள்ளே நிற்கவில்லை. மறுபடி பார்த்தபோது பிளேட்லெட் 74,000. உடனே ஆசாரிப்பள்ளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று காலை 48,000.

இன்று மதியத்திலிருந்து காய்ச்சல் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, வென்ஃப்ளானோடு ஆட்டோவில் தேர்வு மையத்துக்குப் போய், எழுதிவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளலாமா என்று ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, கட்டிலருகே நின்று விளக்கினார். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் அதிகம் பயப்பட வேண்டிய நேரமாம். அப்போதிருந்து ஒன்றிரண்டு நாட்களுக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும், ரத்தம் கெட்டியாகும், பிரஷர் சட்டென்று இறங்கிவிடலாம். பிளேட்லெட் குறைவாக இருக்கும்போது ரத்தக்கசிவும் வரலாம். அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பிரஷர் பார்க்கிறார்கள், பிளேட்லெட்டோடு, ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் பி.சி.வி.யும் பார்க்கிறார்கள். "மூணு மணி நேரம் உக்காந்து எழுதுற நேரத்துல பிரஷர் இறங்குனா அங்க யாரு பாப்பா?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. அப்பாவும் அம்மாவும் அருகில்தான் நின்றார்கள்.

பிளேட்லெட் தொடர்ந்து ஏற ஆரம்பித்து, இரண்டு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் டிஸ்சார்ஜ் பற்றி யோசிப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் புதன்கிழமைக்கு முன்பு வெளியே வர வழியில்லை. 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை இருக்கும் விருப்பப்பாடத் தேர்வைப் பற்றி இப்போது நான் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் அனுமதித்தால் அதை எழுதவே விரும்புகிறேன். முடியுமா இல்லையா என்று வியாழக்கிழமை மாலைக்குள் இதே முகவரிக்கு எழுதுகிறேன்.

ஐயா, நான் கேட்பது இதுதான். இந்த இரண்டு தாள்களுக்கும் 'ஆப்சென்ட்' என்று மட்டும் பதிவாகாமல், மருத்துவக் காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டது என்று குறிக்க முடியுமா? இந்தப் பருவத் தேர்வுகள் முடிந்ததும் டிசம்பரிலோ ஜனவரியிலோ சிறப்புத் தேர்வு நடத்த வழி இருந்தால், எந்த நாள், எந்த ஊர் மையம் என்றாலும் வந்து எழுதுவேன். எனக்கு மிகவும் உதவக்கூடியது அதுதான். கேள்வித்தாள் புதிதாக இருக்கும், கடினமாகவும் இருக்கலாம் என்பது தெரியும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சராசரி மதிப்பெண் போடுங்கள் என்று கேட்கவில்லை, எழுதித்தான் வாங்க வேண்டும்.

சிறப்புத் தேர்வுக்கு விதியில் இடமில்லை என்றால் ஏப்ரலில் எழுதிக்கொள்கிறேன். ஆனால் அப்போது எழுதுவதை என் முதல் முயற்சியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் இப்போது கட்டிய தேர்வுக் கட்டணத்தையும் அந்தத் தேர்வுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்.

'அரியரா எழுதிக்கலாம், இதுக்கு எதுக்கு இவ்வளவு கவலை' என்று கூடப் படிப்பவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். எனக்கு அது சாதாரண விஷயம் இல்லை. நான்கு பருவங்களிலும் ஒரு தாள்கூட நான் அரியர் வைத்ததில்லை. அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். மழை பெய்தால் அன்று வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. இந்த ஒரு மாதத்தில் பாதி நாள் அப்படித்தான் போனது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எம்.எஸ்சி. வேதியியல் படிக்க வேண்டும் என்று பிப்ரவரியில் வரும் ஜாம் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆறாம் பருவத் தாள்களோடு இந்த இரண்டும் ஏப்ரலில் சேர்ந்தால் சுமை கூடும். அதையாவது சமாளித்துவிடுவேன். ஆனால் எழுதித் தோற்றவளைப் போல மதிப்பெண் பட்டியலில் ஒரு குறி விழுந்துவிட்டால், அடுத்து விண்ணப்பிக்கும் இடத்தில் எல்லாம் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு ஆண்டும் உழைத்துவிட்டு அந்த நிலைமைக்கு வர மனம் ஒப்பவில்லை.

எங்கள் தெருவில் எனக்கு முன்பே இரண்டு வீடுகளில் இந்தக் காய்ச்சல் வந்தது. மழையால் வெட்டு நின்ற தோட்டங்களில் மரத்தில் கட்டிய சிரட்டைகளில் தண்ணீர் தேங்கி, அதில் கொசு முட்டையிடுகிறது. கவிழ்த்து வையுங்கள் என்று சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கத்திலிருந்து நம் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகள் நிறையப் பேர். இதே நிலைமையில் வேறு யாராவது எழுதியிருந்தால் அவர்களையும் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவெடுக்க வேண்டுகிறேன்.

ஹால் டிக்கெட், வெள்ளிக்கிழமை எடுத்த என்.எஸ்.1 முடிவு, 14, 15, 16 தேதிகளின் ரத்தப் பரிசோதனைத் தாள்கள், உள்நோயாளி சேர்க்கைச் சீட்டு ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். சேர்க்கைச் சீட்டில் வார்டு மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ளன. மருத்துவச் சான்றிதழ் டிஸ்சார்ஜ் அன்றுதான் கிடைக்கும். கிடைத்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு அனுப்புகிறேன். விண்ணப்பம் முதல்வர் வழியாக வர வேண்டும் என்பது தெரியும். நாளை காலை கல்லூரி திறந்ததும் அக்கா நேரில் போய் முதல்வரின் பரிந்துரைக் கடிதத்தை வாங்கி, அலுவலகம் வழியாகவே அனுப்ப ஏற்பாடு செய்வாள். தனியாகப் படிவம் நிரப்ப வேண்டுமானால் அதை இதே மெயிலில் அனுப்பினால் போதும். அசல் ஆவணங்களை நேரில் காட்ட வேண்டும் என்றால் நாளைச் சொல்லுங்கள், அப்பா அபிஷேகப்பட்டிக்கு வந்துவிடுவார். டிஸ்சார்ஜ் ஆன பிறகு என்றால் நானே வருகிறேன்.

அனுமதி உண்டா இல்லையா என்பது இரண்டு நாளில் முடிவாகாது என்று புரிகிறது. மெயில் கிடைத்தது என்று மட்டும் ஒரு வரி முதலில் எழுதினால், அப்பா நிம்மதியாக இருப்பார். நாளை காலை தேர்வு நேரத்தில் நான் இங்கே படுத்திருக்கப் போகிறேனே என்றுதான் அவர் இரவெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்து யோசிக்கிறார்.

நன்றி ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மாணவி,
சு. அனிஷா
பி.எஸ்சி. வேதியியல், மூன்றாம் ஆண்டு
பதிவெண்: 2023417
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்