ரீச்சருக்கு, கதவு யன்னல் கோட்டேசன் பற்றி

ரீச்சர் வணக்கம். நேற்றிரவு நீங்கள் போட்ட வொய்ஸ் மெசேஜ் ரெண்டையும் கேட்டனான், உடனே பதில் போடாததுக்கு குறை நினைக்காதேங்கோ. சும்மா வாயால ஒண்டைச் சொல்லிப்போட்டு பேந்து மாத்திச் சொல்லக்கூடாது எண்டுதான் காலமை பட்டறைக்கு வந்து கொப்பியை எடுத்து வச்சு கணக்கை திரும்ப ஒருக்கா முழுசாப் பாத்திட்டு இப்ப இருந்து எழுதுறன். கொஞ்சம் நீளம், ஆறுதலா அண்ணையோட சேந்து இருந்து வாசியுங்கோ.

முதல்லயே சொல்லிப்போடுறன், 925,000 ஐ 800,000 க்கு செய்துதரச் சொல்லிக் கேட்டீங்கள், அது ஏலாது ரீச்சர். என்ர மகளுக்கு ஓஎல் கணிதம் படிப்பிச்சு விட்டது நீங்கள், அவ இண்டைக்கும் உங்கட பேரைச் சொல்லித்தான் கதைப்பா, அதால உங்களுக்கு இல்லையெண்டு சொல்லுறது எனக்கு சரியான கஷ்டம். ஆனா அதே வேலையை அதே மரத்தில அந்தக் காசுக்கு செய்யிறன் எண்டு சொன்னா நான் உங்களுக்கு பொய் சொல்லுறன் எண்டு அர்த்தம்.

கணக்கை உங்களுக்கு ஒளிக்கத் தேவையில்லை. முதிரை மரமும் அரிவுக் கூலியும் ஏத்தி இறக்கிறதும் சேத்து 520,000. பிணைச்சல், பூட்டு, கொளுக்கி, கண்ணாடி, சீலர், வார்னிஷ் எல்லாம் 98,000. ரெண்டு பொடியள் ஆளுக்கு நாளுக்கு 4,000 படி 27 வேலைநாள் நிக்கவேணும், அது 216,000. கூட்டிப் பாருங்கோ, 834,000 வரும். மிச்சம் 91,000 இலதான் கரண்ட் பில், வாள் தீட்டிறது, லான்ட்மாஸ்டர்ல பரந்தன்ல இருந்து வட்டக்கச்சிக்கு நாலைஞ்சு தரம் ஏத்திற கூலி, அதுக்கு மேல என்ர ரெண்டு மாச உழைப்பு. இதில 125,000 ஐ கழிச்சா நான் கையில இருந்து 34,000 போட்டு உங்கட வீட்டுக்கு கதவு பூட்டவேணும்.

இன்னொரு பட்டறையில 790,000 சொன்னவை எண்டும் சொன்னீங்கள். அவையளைப் பற்றி நான் ஒண்டும் சொல்லமாட்டன், அவையும் தொழில் செய்யிற ஆக்கள். நீங்கள் மூண்டு விசயம் மட்டும் கேட்டுப் பாருங்கோ. நிலை நாலுக்கு மூண்டு முழுசா நிக்குமா, சீவினாப்பிறகு மெலியுமா? கதவுப் பலகை ஒண்டேகால் இஞ்சியா ஒரு இஞ்சியா? வார்னிஷும் பூட்டிறதும் அந்தக் காசுக்குள்ளயா, வெளியிலயா? மூண்டுக்கும் நல்ல பதில் வந்து அதுக்குப் பிறகும் 790,000 தான் எண்டா நீங்கள் அங்க குடுக்கலாம், எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை.

நான் ஏன் இதில இவ்வளவு பிடிவாதமா நிக்கிறன் எண்டா, மீள்குடியேறி வந்து இந்திய வீட்டுத்திட்டம் நடந்த நேரம், அந்த 550,000 ரூபா வீடுகள், ஒரு வீட்டுக்கு முன்கதவும் ரெண்டு யன்னலும் செய்தனான். அந்த அம்மா கெஞ்சிக் கேட்டா எண்டு விலையைக் குறைச்சன். குறைச்ச காசை எங்கயாவது பிடிக்கவேணும் எல்லே, யன்னல் சிறகுக்கு வைரம் பாயாத வெள்ளை பத்தின துண்டுகளைச் சேத்துப்போட்டன், மேல வார்னிஷ் அடிச்சா தெரியாது. ரெண்டாம் மாரி முடிய அந்த அம்மா கூப்பிட்டுக் காட்டினா. சிறகின்ர கீழ்ச்சட்டத்தை பெருவிரலால அமத்த விரல் உள்ள போகுது, நிலத்தில மஞ்சள் மா மாதிரி உளுத்த தூள் கொட்டிக்கிடக்கு, அவ அதை ஒரு பேப்பர்ல கூட்டி எடுத்து எனக்குக் காட்ட எண்டு மடிச்சு வச்சிருந்தவ. ஒரு வார்த்தை பேசேல்லை. நான் காசு வாங்காமல் திரும்பச் செய்து குடுத்தனான், ஆனா அந்தப் பேப்பர் மடிப்பு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. அண்டையில இருந்து, விலையைக் குறைக்கவேணும் எண்டா வேலையைக் குறைக்கிறது, மரத்தில கை வைக்கிறதில்லை எண்டு முடிவெடுத்திட்டன்.

சரி, இனி உங்கட பக்கத்தையும் யோசிச்சன். உங்களுக்கு மொத்தக் காசு பிரச்சினையா, இல்லை இப்ப கையில காசு இல்லாததுதான் பிரச்சினையா எண்டு எனக்கு விளங்கேல்லை. வொய்ஸில அண்ணை விதைப்புச் செலவு கிடக்கு எண்டு பின்னால நிண்டு சொல்லுறது கேட்டது, அதால ரெண்டாவதுதான் எண்டு நினைக்கிறன்.

அப்பிடியெண்டா விலை 925,000 அப்பிடியே இருக்கட்டும், காசைப் பிரிச்சுத் தாங்கோ. நான் வழமையா 60 வீதம் முற்பணம் வாங்குறனான், உங்களிட்ட 40 வீதம் போதும், 370,000. மரத்துக்கு அது காணாதுதான், ஆனா மரக்காலைக்காரர் என்ர சொல்லுக்கு ஒரு மாசம் பொறுப்பார், நான் கதைச்சிட்டன். நிலையெல்லாம் கொண்டுவந்து மேசன் வச்சுக் கட்டினவுடன 185,000. கதவு யன்னல் எல்லாம் பூட்டி, நீங்கள் ஒவ்வொண்டையும் திறந்து சாத்திப் பாத்தாப்பிறகு இன்னொரு 185,000. கடைசி 185,000 ஐ காலபோகம் வெட்டி நெல்லு வித்தாப்பிறகு தாங்கோ, பங்குனி 31 வரைக்கும் நான் கேக்கமாட்டன், வட்டி கிட்டி ஒண்டும் இல்லை. வீட்டுத்திட்டத்தில அத்திவாரம், சுவர், கூரை எண்டு கட்டம் கட்டமா காசு வந்தமாதிரித்தான் இதுவும், வேலை நகர நகர காசு. ஒரு துண்டில எழுதி ரெண்டுபேரும் கையெழுத்து வைப்பம், அது நம்பிக்கை இல்லாமல் இல்லை, நாளைக்கு எனக்கொண்டு நடந்தாலும் என்ர பொடியளுக்கு எவ்வளவு வந்தது எவ்வளவு மிச்சம் எண்டு தெரியவேணும்.

இல்லை, 800,000 க்கு மேல இந்த வருசம் ஒரு சதமும் போகேலாது எண்டா, வேலையைக் கொஞ்சம் சுருக்குவம். குசினிக் கபேட் 180,000 எண்டு போட்டிருக்கிறன். அதில மேல்தட்டு மட்டும் 70,000, அதை இப்ப விடுவம். கீழ்ப்பகுதி இருந்தா சட்டி பானை, அரிசி வாளி எல்லாம் வைக்கலாம், மேல்தட்டை அடுத்த வருசம் எண்டாலும் அதே அளவில பூட்டலாம், சுவரில கரண்ட் வயர் எங்க போகுது எண்டதை மட்டும் இப்பவே போட்டோ எடுத்து வையுங்கோ, பேந்து துளைக்கேக்க தேவைப்படும். அடுத்தது அறைக்கதவு நாலு. ஒண்டு 58,000 படி நிலையும் கதவும் முழு முதிரை. நிலையை முதிரையிலயே விட்டிட்டு கதவை மட்டும் பிளஷ் டோரா மாத்தினா 41,000 க்கு முடியும், நாலிலயும் 68,000 குறையும். அறைக்குள்ள மழை படாது, வெயிலும் நேர விழாது, பிளஷ் டோர் வருசக்கணக்கா நிக்கும். ஆனா தண்ணி ஊத்தி நிலம் கழுவேக்க கதவின்ர அடி நனையாமல் பாருங்கோ, அதுக்கு நான் அடியிலயும் ரெண்டு கோட் அடிச்சுத்தான் பூட்டுவன், கனபேர் அடியை விட்டிடுவினம். நிலை முதிரையா இருக்கிறதால எப்பவாவது காசு வந்தா கதவை மட்டும் கழட்டி முழு மரக்கதவு போடலாம், சுவர் உடைக்கத் தேவையில்லை.

ரெண்டும் சேர 138,000 குறையும், மொத்தம் 787,000. நீங்கள் கேட்டதை விடக் குறைவு. இதுக்கு காசு வழமை மாதிரித்தான் வேணும், 472,000 முதல், 315,000 பூட்டி முடிய. குறைச்ச விலையையும் தவணையையும் சேத்துக் கேட்டா எனக்குத் தாங்காது ரீச்சர், அதை இப்பவே சொல்லிப்போடுறன். குசினிக் கபேட்டை முழுசா விட்டா 745,000 க்கும் நிக்கும், அப்ப அறைக்கதவு முதிரையிலயே இருக்கும். ஆனா கீழ்ப்பகுதியும் இல்லாமல் ஒரு குசினியில புழங்கிறது பொம்பிளையளுக்குத்தான் கஷ்டம், அதால அதை நான் பெரிசாச் சொல்லமாட்டன்.

முன்கதவு, குசினிப் பின்கதவு, யன்னல் ஏழு, இதில மட்டும் குறைக்கச் சொல்லிக் கேக்காதேங்கோ. உங்கட வளவு வயல் பக்கம், வாடைக்காத்து மழையை நேர கொண்டுவந்து அடிக்கிற திசையிலதான் மூண்டு யன்னலும் இருக்கு, கறையானும் அந்த மண்ணில இருக்கு, கூடாரக் கம்பை அரிச்சு வச்சிருந்ததை நான் அளவெடுக்க வரேக்க கண்டனான். அந்த இடத்துக்கு முதிரைதான் சரி.

வளவில நிக்கிற வேம்பைத் தறிச்சு பாவிக்கலாமோ எண்டும் கேட்டீங்கள். வேம்பு நல்ல மரம்தான், ஆனா அது இப்ப பச்சை. இண்டைக்குத் தறிச்சு நாளைக்கு அரிஞ்சு மற்றநாள் கதவாக்கினா அது காய்ஞ்சு வரேக்க முறுக்கும், மேல மூலை இறுகும், கீழ மூலை ஒரு விரல் இடைவெளி விடும். பலகையா அரிஞ்சு நிழலில இடைக்கட்டை வச்சு அடுக்கி ஒரு மாரியும் ஒரு கோடையும் காணவேணும். தறிக்கிறதுக்கும் ஏத்துறதுக்கும் பெமிட் விசயத்தை முதல் ஜிஎஸ்ஸிட்ட கேட்டுப்போட்டுத்தான் கை வைக்கவேணும். தை மாசம் குடிபூர ஆசைப்படுறீங்கள், அதுக்குள்ள அது நடக்காது. அது நிக்கட்டும், முத்தத்துக்கு நல்ல நிழல்.

என்னட்ட கேட்டா முதல் சொன்னதைத்தான் எடுப்பன், 925,000 தவணையில. நீங்களும் அண்ணையும் கீறி வச்சிருக்கிற வீடு அப்பிடியே முழுசா வரும், பேந்து ஒரு வேலையும் மிச்சம் கிடக்காது. ஆனா நெல்லு விலையையும் மழையையும் நம்பி 185,000 கடனை வச்சுக்கொண்டு இருக்க அண்ணைக்கு நித்திரை வராது எண்டா 787,000 ஐ எடுங்கோ, அதிலயும் பிழை இல்லை. வட்டிக்கு மட்டும் வாங்கிப்போடாதேங்கோ, மைக்ரோ பினான்ஸ்காரர் வாசலில வந்து நிண்டு எங்கட சனம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்தானே.

ஒரு விசயம், மரக்காலையில ரெண்டு குத்தி எங்களுக்கெண்டு பார்த்து வச்சிருக்கிறன், வெடிப்பு இல்லாத நல்ல வைரமான மரம், பெமிட்டும் சரியா இருக்கு. வாற வெள்ளி வரைக்கும் வேற ஆருக்கும் குடுக்கமாட்டன் எண்டு சொல்லியிருக்கிறார், அதுக்குப் பிறகு அந்த மரமும் அந்த விலையும் நிக்குமோ எண்டதுக்கு நான் பொறுப்பில்லை. ஐப்பசி மழை பிடிக்க முதல் நிலையை வச்சுக் கட்டினாத்தான் மேசனும் பூச்சு வேலையைத் தொடங்கலாம், அதால வியாழன் பின்னேரத்துக்குள்ள எது எண்டு ஒரு சொல்லு சொல்லுங்கோ. நேர கதைக்க விருப்பம் எண்டா நான் நாளைக்கு பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு அந்தப்பக்கம் வாறன், பிளஷ் டோர் துண்டு ஒண்டும் முதிரைத் துண்டு ஒண்டும் கொண்டுவந்து காட்டுறன், கையில தூக்கிப் பாத்திட்டு முடிவெடுங்கோ. அண்ணையையும் அந்த நேரம் வயலால வந்து நிக்கச் சொல்லுங்கோ ரீச்சர்.